துணியா, டயப்பரா? காவிரி டெல்டா வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைக்கு மூன்று மாதம். டயப்பர் போட்டால் புண்ணாகும் என்கிறார் மாமியார். துணிதான் ஈரத்தோடு கிடந்து புண்ணாக்கும் என்கிறாள் தங்கை. யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதும் நடக்கக்கூடியதுதான். புண் எப்படி வருகிறது என்று தெரிந்தால் இந்த வழக்கு தீர்ந்துவிடும்.

சிறுநீர் மட்டும் பட்டால் தோல் உடனே சிவந்துவிடாது. வெகுநேரம் ஈரத்தில் ஊறிய தோல் மென்மையாகி, உரசினால் எளிதில் கிழியும் நிலைக்கு வருகிறது. அந்த நேரத்தில் மலமும் சேர்ந்தால்தான் வினை. மலத்தில் உள்ள பாக்டீரியாக்கள் சிறுநீரில் இருக்கும் யூரியாவை அமோனியாவாக மாற்றுகின்றன. அமோனியா தோலின் இயல்பான லேசான அமிலத்தன்மையைக் குலைத்துக் காரத்தன்மையாக்குகிறது. மலத்தோடு வரும் செரிமான நொதிகள் காரத்தில்தான் வேகமாக வேலை செய்யும். கொழுப்பையும் புரதத்தையும் கரைக்கும் அந்த நொதிகள் பிள்ளையின் தோலையே அரிக்கின்றன. ஆக, சிறுநீரும் மலமும் சேர்ந்து எவ்வளவு நேரம் தோலில் இருந்தன என்பதுதான் முதல் கேள்வி.

இன்றைய டயப்பரின் நடுவில் மரக்கூழும், நீரை உறிஞ்சி ஜெல்லியாகும் சோடியம் பாலிஅக்ரிலேட் குருணையும் இருக்கின்றன. சிறுநீர் உள்ளே இழுக்கப்பட்டு ஜெல்லியாகிவிடுவதால் மேல்பரப்பு ஓரளவு காய்ந்தே இருக்கும். சிறுநீரைப் பொறுத்தவரை டயப்பர் துணியை விட மேல். ஆனால் மலத்தை அந்த ஜெல்லி உறிஞ்சாது, அது தோலோடு ஒட்டியே கிடக்கும். வெளியே உலர்ந்து தெரிவதால் மாற்றத் தோன்றாது. டயப்பரில் புண் வருவது பெரும்பாலும் இந்த வழியில்தான். துணியில் நிலைமை தலைகீழ். ஒருமுறை நனைந்தாலே ஈரம் முழுக்கத் தோலில்தான், ஆனால் பிள்ளை அழும், துணி சொட்டும், உடனே மாற்றிவிடுவோம்.

டயப்பர் போட்டால் புண் குறையுமா கூடுமா என்று அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பீடு ஒன்று 2006-இல் வந்தது. எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லப் போதிய சான்று இல்லை என்பதே அதன் முடிவு. வீட்டில் யார், எவ்வளவு சீக்கிரம் மாற்றுகிறார்கள் என்பதைப் பார்த்து முடிவெடுப்பதே சரி.

அப்படியானால் எத்தனை மணிநேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

மலம் கழித்தால் துணியோ டயப்பரோ, பகலோ இரவோ, அப்போதே. சிறுநீர் மட்டும் என்றால் துணியை நனைந்தவுடன் மாற்றுங்கள். டயப்பரைப் பகலில் மூன்று மணிநேரத்துக்கு மேல் விடவேண்டாம். இரவில் பிள்ளை மலம் கழிக்காமல் தூங்கினால், பாலுக்கு எழும் நேரத்தில் மாற்றினால் போதும். டயப்பரின் முன்பக்கக் கோடு நிறம் மாறுவது ஈரம் பட்டதற்கான அடையாளம் மட்டுமே. அது மாறாமல் இருக்கும்போதே மலம் கழித்திருக்கலாம் என்பதால் கோட்டை நம்பாமல் ஓரத்தை விலக்கிப் பாருங்கள்.

சிவந்துவிட்டது. பவுடர் போடலாமா, தேங்காயெண்ணெய் தடவலாமா?

பவுடர் வேண்டாம். ஈரத்தில் கட்டியாகி மடிப்பில் நின்று உரசும், காற்றில் பறப்பதைப் பிள்ளை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்கும் கெடுதி. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, நாளுக்கு மூன்று நான்கு முறை கால்மணி நேரமாவது எதுவும் கட்டாமல் பாயில் விரித்த துணிமேல் விட்டுவிடுங்கள். பெண்பிள்ளைக்கு முன்னிருந்து பின்னாகத்தான் கழுவ வேண்டும். பிறகு துத்தநாக ஆக்சைடு களிம்பைத் தோல் தெரியாத அளவுக்குத் தடிமனாகப் பூசுங்கள். அடுத்தமுறை மாற்றும்போது அழுக்கான மேற்பகுதியை மட்டும் துடைத்தெடுத்து மேலே பூசினால் போதும். முழுவதையும் சுரண்டினால் ஆறும் தோலும் சேர்ந்து வரும்.

தேங்காயெண்ணெய் மெல்லிய பூச்சாக இருக்கும்வரை தவறில்லை. துணி கட்டும் பிள்ளைக்குத் தாராளமாகப் பூசினால் எண்ணெய் துணியில் ஏறி, நாளாக ஆகத் துணி தண்ணீரை உறிஞ்சாமல் தள்ளும்.

எங்கே சிவந்திருக்கிறது என்று பாருங்கள். ஈரமும் உரசலும் உண்டாக்கும் சிவப்பு, துணி நேரடியாகப் படும் மேடான இடங்களில் இருக்கும், தொடை மடிப்புக்குள் பெரும்பாலும் இருக்காது. மடிப்புக்குள்ளேயே அடர்சிவப்பாக இருந்து, அதைச் சுற்றித் தனித்தனிச் சிறு புள்ளிகளும் தெரிந்தால் அது பெரும்பாலும் காளான் தொற்று. பிள்ளைக்கோ பாலூட்டும் தாய்க்கோ ஆன்டிபயாடிக் கொடுத்தபின் இது அதிகம் வரும். துத்தநாகக் களிம்பால் மட்டும் ஆறாது, மருத்துவர் எழுதித்தரும் காளான் மருந்து வேண்டும். மருந்துக்கடையில் கேட்டால் சிலசமயம் ஸ்டீராய்டு கலந்த கூட்டுக் களிம்பை எடுத்துத் தருவார்கள். டயப்பருக்குள் மூடிய தோலில் ஸ்டீராய்டு வழக்கத்தை விட அதிகமாக உள்ளிறங்கும், ஆகவே மருத்துவர் சொல்லாமல் அதைப் போடாதீர்கள். மூன்று நாளில் குறையாத சிவப்பு, சீழ், கொப்புளம், காய்ச்சல் ஆகியவற்றில் எது இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

துணியை நன்றாகத்தான் துவைக்கிறோம். அப்படியும் இடுப்பில் சிவக்கிறது. எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதனால் இருக்குமா?

இருக்கலாம். டெல்டாவின் கடலோரப் பக்கம், வேதாரண்யம், நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டியின் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில் துணி கட்டுகிறவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரைத்தான்.

கடினநீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சலவைக்கட்டியோடு சேர்ந்து, கரையாத பிசுக்காகத் துணி இழையில் படிந்துவிடும். தண்ணீர் உவர்ப்பாகவும் இருந்தால் நுரையே வராது. நுரைக்காக இன்னும் கொஞ்சம் சோப்புத் தேய்ப்பார்கள், பிசுக்கு இன்னும் ஏறும். காய்ந்த துணி அப்பளம்போல் விறைத்து நிற்கும். அடுத்தமுறை பிள்ளை நனைக்கும்போது அந்தப் பிசுக்கும் உப்பும் தோலில் கரைகின்றன.

உறுதிசெய்ய இரண்டு சோதனைகள் உண்டு. துவைத்துக் காய்ந்த துணி ஒன்றைக் குடிக்கிற தண்ணீரில் போட்டுப் பலமாகக் கசக்குங்கள். தண்ணீர் கலங்கினாலோ நுரைத்தாலோ அலசல் போதவில்லை. காய்ந்த இன்னொரு துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உள்ளே இறங்கினால் நல்லது. தாமரை இலைத் தண்ணீர்போல் உருண்டு நின்றால் பிசுக்கோ எண்ணெயோ ஏறியிருக்கிறது.

ஏறியதை எடுக்க, பருத்தித் துணிகளை மட்டும் பத்து லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்து ஒருமணி நேரம் ஊறவைத்து, மூன்று தண்ணீரில் அலசுங்கள். பிறகு சலவைக்கட்டியை விட்டுவிட்டு வாசனை குறைந்த சலவைத்தூளுக்கு மாறுங்கள், கடினநீரில் அது பிசுக்காகாது. பதினைந்து லிட்டர் வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். துவைப்பதும் முதல் அலசலும் போர் தண்ணீரிலேயே நடக்கட்டும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி கூட்டுக் குடிநீர்க் குழாய்த் தண்ணீரோ பிடித்துவைத்த மழைத்தண்ணீரோ எடுத்துவையுங்கள். மாற்றம் பெரும்பாலும் இந்த ஒரு வாளியில்தான் தெரியும்.

துணி மிருதுவாக வேண்டும் என்று வாசனைத் திரவம் ஊற்றுவதும், கிருமி போக வேண்டும் என்று மூடி மூடியாகக் கிருமிநாசினி விடுவதும் வேண்டாம். முன்னது உறிஞ்சும் சக்தியைக் கெடுக்கும், பின்னது அலசிப் போகாமல் தோலை எரிக்கும். கிருமிக்கு நல்ல வெயிலும் இஸ்திரியும் உண்டு. காளான் தொற்று இருக்கும் நாட்களில் மட்டும் பருத்தித் துணிகளைத் தவலையில் போட்டுக் கொதிக்கவிடுங்கள்.

எந்தத் துணி நல்லது, எத்தனை வேண்டும்?

பலமுறை துவைத்து நைந்த வெள்ளைப் பருத்தி வேட்டி. புது வேட்டியில் கஞ்சி இருக்கும், உறிஞ்சாது. பாலியஸ்டர் கலந்ததும் வேண்டாம். நான்கு முழ வேட்டி ஒன்றில் கரையை நீக்கிவிட்டு 60 சென்டிமீட்டர் சதுரமாக ஆறு துண்டு கிடைக்கும், எட்டு முழத்தில் பன்னிரண்டு. ஜரிகையும் கெட்டிக் கரையும் இடுப்பை அறுக்கும். ஓரத்தை மடித்துத் தைக்காமல் ஒரு தையல் ஓட்டினாலே நூல் பிரியாது. ஒற்றை நூல் பிரிந்து பிள்ளையின் விரலிலோ ஆண்பிள்ளையின் குறியிலோ சுற்றி இறுக்கிக்கொள்வது உண்டு. அதனால் தையல் விட்ட துண்டைக் கட்டாமல் ஒதுக்கிவிடுங்கள்.

மூன்று மாதப் பிள்ளைக்கு முப்பது துண்டு இருந்தால் வெயில் காலம் ஓடிவிடும். முக்கோணமாக மடித்துக் கட்டும்போது காலை நீட்டி இறுக்கக் கூடாது. முழங்கால் மடங்கி, தொடை தவளைபோல் விரிந்திருப்பதுதான் இடுப்பு மூட்டுக்கு நல்லது. வயிற்றுப் பக்கம் இரண்டு விரல் நுழைய வேண்டும்.

கடையில் பட்டன் வைத்த துணி டயப்பர் கிடைக்கிறதே. அது மேலில்லையா?

வெளியுறையை வாங்குங்கள், உள்ளே வைக்கும் தடித்த பட்டையை வாங்குமுன் யோசியுங்கள். வெளியுறை தண்ணீர் கசியாத பூச்சுள்ள பாலியஸ்டர். உள்ளே வேட்டித் துண்டை நீளவாக்கில் மடித்து வைத்தால் பாயும் தூளியும் நனையாது. நாலைந்து அடுக்கு வைத்துத் தைத்த பட்டையோ நன்றாக உறிஞ்சினாலும், நடுவில் சோப்பு தங்கும், காயவும் மாட்டாது. வெயிலில் அரைநாள் ஆவது கார்த்திகையில் இரண்டு நாளாகும், அதற்குள் முடைநாற்றம் பிடித்துவிடும். டெல்டா வீட்டுக்கு மெல்லிய ஒற்றைத் துணியைப் பரிந்துரைக்க இதுவே முக்கியக் காரணம்.

உறையைக் கொதிநீரில் போடாதீர்கள், இஸ்திரி வைக்காதீர்கள், ப்ளீச்சும் வேண்டாம். பூச்சு பிரிந்துவிடும். உறை போட்டால் ஈரம் வெளியே தெரியாது என்பதால் டயப்பரில் உள்ள அதே ஆபத்து இதிலும் உண்டு. இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை விரல் விட்டுப் பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் எப்படிக் காயவைப்பது?

சலவை இயந்திரம் இருந்தால் பிழியும் பகுதியை மட்டுமாவது பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் பிழிந்த துணிகளை ஒரு பெரிய துவாலையில் சுருட்டி மிதித்தெடுங்கள், பாதி ஈரம் துவாலைக்குப் போய்விடும். அறைக்குள் மின்விசிறிக்குக் கீழே கொடி கட்டி, ஒன்றன்மேல் ஒன்று படாமல் ஒற்றையாக விரியுங்கள். மெல்லிய வேட்டித் துண்டு சில மணிநேரத்தில் காய்ந்துவிடும். லேசாக நமத்திருப்பதை இஸ்திரி போட்டு முடியுங்கள். சாம்பிராணிப் புகையில் காட்டுவதால் துணி காயாது, புகைதான் ஏறும். பிள்ளையின் மூச்சுக்கும் அது ஆகாது.

கொல்லையில் முருங்கை மரத்தடியில் கொடி கட்டவே கூடாது. மழைக்காலத்தில் அதில் கம்பளிப்பூச்சி அடையும். அதன் சுணை துணியில் ஒட்டினால், துவைத்த துணியில் ஏன் தடிப்பு வருகிறது என்று தெரியாமல் நாலு களிம்பு மாற்றுவீர்கள். தையில் சம்பா அறுப்பின்போது களத்துக்குப் பக்கத்தில் காயும் துணியிலும் நெற்சுணை இப்படியே ஒட்டும். இரண்டையும் தவிர்க்க, துணியை உதறி, உட்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்து மடியுங்கள்.

அப்படியும் துணி பற்றாவிட்டால் அந்த வாரங்களில் டயப்பரைக் கூட்டுவதில் தவறே இல்லை. நமத்த துணியைக் கட்டுவதை விட அது நல்லது.

துணி என்றால் தண்ணீர் எவ்வளவு ஆகும்?

நாள் முழுக்கத் துணி, சிறுநீர்த் துணி இருபது, மலத்துணி நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மலத்துணியை முதலில் கழுவ ஒரு வாளி, சிறுநீர்த் துணியை அலச ஒன்று, சலவைத்தூளில் ஊற ஒன்று, கடைசி அலசல் மூன்று. ஆறு வாளி, 90 லிட்டர். பிள்ளையைக் குளிப்பாட்டிய தண்ணீரைச் சிறுநீர்த் துணியின் முதல் அலசலுக்கு எடுத்துக்கொண்டால் 75 ஆகிவிடும். இரவுக்கு ஒரு டயப்பர் போட்டால் சிறுநீர்த் துணி பதினான்காகக் குறைந்து, நான்கரை வாளியில், ஏறத்தாழ 70 லிட்டரில் முடியும். மேல்மூடி இயந்திரத்தில் ஒரு முழுச் சுற்றுக்கே 100 லிட்டர் அளவில் போகும், ஆகவே நாலு துணிக்காக அதை ஓட்டாதீர்கள்.

டயப்பருக்கு வீட்டுத் தண்ணீர் செலவில்லை. அதன் மரக்கூழைத் தயாரிக்கும் ஆலைதான் தண்ணீரைச் செலவழிக்கிறது. பங்குனி, சித்திரையில் ஆறு வறண்டு, போரும் கீழே இறங்கி, குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் தெருவில், இந்தக் கணக்கில் டயப்பர்தான் ஜெயிக்கும்.

மலத்துணியை வாய்க்காலில் அலசாதீர்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளையின் மலத்திலும் கிருமி உண்டு. மலத்தையும் முதல் கழுவல் தண்ணீரையும் கழிப்பறையில் ஊற்றுங்கள். ஊறவைக்கும் வாளிக்கு இறுக்கமான மூடி வேண்டும். தவழும் பிள்ளைக்கு அரைவாளித் தண்ணீரும் ஆபத்து.

செலவு எவ்வளவு வித்தியாசப்படும்?

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு வீடு, மூன்று மாதப் பிள்ளை என்று வைத்துக் கணக்குப் போடுவோம். டயப்பர் ஒன்று 10 ரூபாய், நாளுக்கு ஏழு. நாளுக்கு 70, மாதம் 2,100, ஆண்டுக்கு 25,200. பிள்ளை வளர்ந்தால் எண்ணிக்கை ஐந்தாகும், ஆனால் பெரிய அளவு 14 ரூபாய் என்றால் அதே 70தான்.

கலந்து பயன்படுத்தினால், பகலில் வேட்டித் துண்டு, இரவுக்கும் பயணத்துக்கும் மாதம் 40 டயப்பர். அது 400, சலவைத்தூள் 150, ஆக 550 ரூபாய். மழை மூன்று மாதங்களில் டயப்பர் 75 ஆகட்டும், அப்போது மாதம் 900. ஒன்பது மாதத்துக்கு 4,950, மழைக்கு 2,700, வெளியுறை நான்கு 250 வீதம் 1,000. ஆண்டுக்கு 8,650 ரூபாய். பழைய வேட்டிக்குக் காசில்லை. உங்கள் ஊர் விலையை 10 ரூபாய் இருக்கும் இடத்தில் போட்டுப் பாருங்கள்.

இந்தக் கணக்கில் வராத ஒன்று, தினமும் துவைக்கும் முக்கால் மணிநேர உழைப்பு. அதை யார் செய்வார்கள் என்று பேசாமல் துணிதான் என்று முடிவுசெய்வது, பெரும்பாலும் தாயின் தலையில் வேலையை ஏற்றுவதாகவே முடிகிறது.

சிசேரியன் ஆகியிருக்கிறது. துணி துவைக்கலாமா?

முதல் ஆறு வாரம் வாளி தூக்கவும் குத்தவைத்துத் துவைக்கவும் வேண்டாம். அம்மா வீட்டில் வேறு யாராவது துவைத்துத் தந்தால் துணி கட்டலாம். ஆளில்லை என்றால் டயப்பரே போடுங்கள். தொப்புள் கொடி விழும்வரை டயப்பரின் மேல்விளிம்பைத் தொப்புளுக்குக் கீழே மடித்துவிடுங்கள்.

டயப்பர் போட்டால் பிள்ளை எத்தனை முறை ஒன்றுக்குப் போனான் என்றே தெரியவில்லை.

இது துணியின் பக்கம் உள்ள உண்மையான நன்மை. பிறந்து ஒரு வாரத்துக்குப் பிறகு, நாளுக்கு ஆறு முறையாவது நன்றாக நனைப்பது பால் போதுகிறது என்பதற்கு அடையாளம். எடை சரியாக ஏறும்வரை பகலிலாவது துணி கட்டினால் எண்ணுவது எளிது. டயப்பர்தான் என்றால் புதியதையும் கழற்றியதையும் இரு கையில் வைத்து எடை பாருங்கள். வயிற்றுப்போக்கின்போது ஆறு மணிநேரமாக ஒன்றுக்கே போகாவிட்டால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

கழற்றிய டயப்பரை எங்கே போடுவது? கொல்லையில் எரித்துவிடலாமா?

எரிக்காதீர்கள். ஈரமான ஜெல்லி எரியாது, பிளாஸ்டிக் மட்டும் கருகிப் புகையும். புதைத்தால் நாய் தோண்டும், பிளாஸ்டிக் மக்காது. வாய்க்காலில் எறிந்தால் ஊதிப் பெருத்து மதகை அடைக்கும், கழிப்பறையில் போட்டால் குழாயை அடைக்கும்.

மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, டயப்பரை உட்பக்கமாகச் சுருட்டி, அதன் ஒட்டுப்பட்டையாலேயே இறுக்கி, செய்தித்தாளில் பொதியுங்கள். திடக்கழிவு மேலாண்மை விதிகளே இதைச் சுற்றித் தரச் சொல்கின்றன. காய்கறிக் கழிவோடு கலக்காமல், பொதியில் அடையாளம் வைத்துத் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். அவர்தான் அதைக் கையால் பிரிக்க வேண்டியிருக்கும். வண்டி வராத ஊரில் டயப்பரைக் குறைக்க இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

தெரியாமல் டயப்பரைத் துணியோடு இயந்திரத்தில் போட்டுவிட்டேன். எல்லாம் ஜெல்லி. என்ன செய்வது?

மறுபடி தண்ணீர் விட்டு ஓட்டாதீர்கள், இன்னும் ஊதும். பெரிய துண்டுகளைக் கையால் அள்ளிக் குப்பையில் போடுங்கள். துணிகளை வெளியே உதறி வெயிலில் முழுதாகக் காயவிட்டால் மீதிக் குருணை உதிர்ந்துவிடும். இயந்திரத்தின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் ஜெல்லிமேல் இரண்டு கைப்பிடி கல்லுப்பைத் தூவிக் கால்மணி நேரம் விடுங்கள். உப்புப் பட்டதும் ஜெல்லி தண்ணீரைக் கக்கிச் சுருங்கும். அதை ஈரத்துணியால் வழித்தெடுத்து, வடிகட்டியைக் கழற்றிக் கழுவியபின் துணி போடாமல் ஒருமுறை ஓட்டுங்கள்.